மூன்று கரண்டிக் கணக்கு

கனகராஜ் சாப்பாட்டு ராமன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் எதையோ விழுங்கிவிட்டு எழுந்து போகிறார்கள். அவன் அப்படியல்ல. இலையில் முதல் கரண்டி சோறு விழுந்ததும் விரல் நுனியால் அதைத் தொட்டு, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதற்கப்புறம்தான் சாம்பாருக்குத் தலையாட்டுவான். உலு திராம் ஊருக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. மறுசோறு கேட்டால் அம்மா காது கேட்காதவள் மாதிரி திரும்பிக்கொள்வாள் என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அப்படி வளர்ந்தவனுக்கு, கேட்காமலேயே சோறு போட்டுக்கொண்டிருக்கும் வாழையிலைக் கடை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் தெப்ராவில் ஒரு கிடங்கில் வேலை. அவன் ஸ்டோர் கீப்பர், நான் டெலிவரி சரிபார்ப்பவன். பதினெட்டு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். என் பெயர் வீரமுத்து. பெயருக்கேற்ற வீரம் கிடையாது, கோபம் மட்டும் நிறைய உண்டு. வெள்ளிக்கிழமைகளில் மத்தியான ஓய்வு நீளம். மலாய்க்கார நண்பர்கள் தொழுகைக்குப் போவார்கள். நாங்கள் அவனுடைய மோட்டார் சைக்கிளில் மாசாய்க்குப் போவோம். அங்கே கடைவரிசையின் மூலையில் ஒரு சைவக் கடை. இலை போட்டு உட்கார்ந்தால் ஒரே விலை, இலையை மடிக்கும்வரை சோறு, கறி, சாம்பார் வந்துகொண்டே இருக்கும்.

அவனுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்து பத்து வருடம் இருக்கும். முதலில் மாத்திரை, பிறகு இன்சுலின் ஊசி. இரவில் ஒரு ஊசி, சாப்பாட்டுக்கு ஒரு ஊசி. ஊசி ஆரம்பித்தபோது எல்லாரும் வாழையிலைக் கடை போச்சு என்றுதான் நினைத்தோம். அவன் விடவில்லை. கிளினிக்கில் உணவு முறை சொல்லித்தரும் அமண்டா என்ற பெண்ணிடம் போய் உட்கார்ந்துவிட்டான். நானும் கூடப் போயிருந்தேன்.

"அங்கள், வீட்டுச் சாப்பாடுன்னா ஈசி. எவ்ளோன்னு தெரியும், ஊசி போட்டுட்டுச் சாப்பிடலாம். ஆனா கடையில வந்து வந்து போடுவாங்கல்ல, அதுக்கு முன்னாடியே போட்டுராதீங்க. எவ்ளோ சாப்பிடப் போறீங்கன்னு உங்களுக்கே தெரியாது. சாப்பிட்டு முடிச்ச உடனே, இலைய மடிச்சதும் போடுங்க. இந்த ஊசி சீக்கிரம் வேலை செய்யும், அதனால அது ஓகே."

"எவ்ளோ சாப்பிட்டேன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது? இலையில ஒண்ணும் மிச்சம் இருக்காதே."

"அதான் கஷ்டம். ஒரு கரண்டி எவ்ளோன்னு மொதல்ல அளந்து பாருங்க. அப்புறம் எத்தனை கரண்டின்னு எண்ணுங்க. சாம்பார்ல பருப்பு, கறியில உருளைக்கிழங்கு, அப்பளம், எல்லாமே கணக்குதான். சந்தேகமா இருந்தா கம்மியா வச்சுக்குங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பாருங்க. இனிப்பு கொஞ்சம் ஏறினா அப்புறம் சரி பண்ணலாம். எறங்குறதுதான் டேஞ்சர்."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. மறந்திருந்தால் பின்னால் ஒரு நாள் நெடுஞ்சாலையில் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைக்கு வீட்டிலிருந்து அளவு கப்பை எடுத்து வந்துவிட்டான். பரிமாறும் விஜயனைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு கரண்டிய இதுல போடு" என்றான். பக்கத்து மேசையில் கலியாணம் பேச வந்தவர்கள் போல ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அவனுக்கு ஒன்றுமில்லை. கரண்டிச் சோறு கப்பைத் தலை தட்டி நிரப்பியது. அன்றிலிருந்து பல வெள்ளிக்கிழமைகள் சாப்பிடுவான், ஊசி போடுவான், கிடங்குக்குத் திரும்பி விரலைக் குத்திப் பார்ப்பான், அமண்டாவிடம் காட்டுவான். கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தார்கள். ஒரு கரண்டி சோறு, அதனோடு போகும் சாம்பார் கறி எல்லாம் சேர்த்து, ஐந்து யூனிட். வழக்கமாக இரண்டு கரண்டி. பத்து யூனிட். கணக்கு பிசகவில்லை. பிசகாதது பழகிப்போய், விரலைக் குத்திப் பார்ப்பதை அவன் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டான். கணக்கு முழுவதும் நின்றது விஜயனுடைய கரண்டியின் மேல்தான்.

இப்போது தனலெட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனகராஜின் மனைவி. நான் பார்த்த பெண்களில் கெட்டிக்காரி, பயந்தவளும்கூட. அவளுடைய அண்ணனுக்கு இனிப்பு நீரில் முதலில் கால் விரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால்வரை. கடைசியில் ஆளே போய்விட்டார். அந்த ஆஸ்பத்திரி வாசலில் அவள் உட்கார்ந்து எழுந்த நாட்கள் கொஞ்சமல்ல. அதனால் அவளைப் பொறுத்தவரை இனிப்பு என்றால் ஏறுவது மட்டும்தான். இறங்கும் என்பதை யார் சொன்னாலும் அவள் காதில் ஏறாது. சோறு விஷம், சோற்றைக் குறைத்தால் புருஷன் பிழைப்பான். இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம்.

அவள் ஒரு நாள் அந்தக் கடைக்குப் பார்சல் வாங்கப் போனாள். விஜயனைத் தனியாகக் கூப்பிட்டாள். "தம்பி, அவருக்கு இனிப்பு நீர். சொன்னா கேக்க மாட்டாரு. நீ போடுறப்பவே கம்மியா போட்டுரு, அவருக்குத் தெரியாம. உனக்குப் புண்ணியமா போகும்" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருக்கிறாள். விஜயன் நல்ல பையன். அவனுடைய அப்பாவுக்கும் இதே நோய். உடனே சரி என்றுவிட்டான்.

இது எங்கள் இருவருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

பரிமாறுகிறவனுக்கு ஒரு வித்தை உண்டு. கரண்டிச் சோற்றை இலையில் தட்டிவிட்டு, அதே கரண்டியின் முதுகால் நடுவில் ஒரு குழி பறிப்பான், சாம்பார் ஓடாமல் நிற்க. விஜயன் என்ன செய்தான் என்றால், அரைக் கரண்டிச் சோற்றை எடுத்து, அகலமாகப் பரப்பி, நடுவில் பெரிய குழி பறித்து, சாம்பாரை உடனே ஊற்றிவிடுவான். பார்ப்பதற்கு முழுக் கரண்டி மாதிரியே இருக்கும். சுற்றிலும் முட்டைக்கோஸ், கீரை, பாகற்காய் என்று அள்ளி வைத்துவிடுவான். இலை நிறைந்திருக்கும். வயிறு மட்டும் நிறையாது.

வயிறு நிறையாதவன் என்ன செய்வான்? மறுபடி கேட்பான். வழக்கமாக இரண்டு கரண்டியோடு எழுகிறவன் மூன்றாவதற்கும் உட்கார்ந்தான். மூன்று முறை சோறு வந்தது, ஆகவே மூன்று கரண்டி, ஆகவே பதினைந்து யூனிட். உண்மையில் வயிற்றுக்குள் போனது ஒன்றரைக் கரண்டி. ஏழு, எட்டு யூனிட்டுக்கு மேல் அதற்கு வேண்டாம்.

விஜயன் ஒரேயடியாகவும் குறைக்கவில்லை. முதல் வாரம் முக்கால் கரண்டி. அன்று மத்தியானம் கனகராஜ் கிடங்கில் லோஷினி என்ற கிளார்க்கைப் பார்த்துக் கத்திவிட்டான். அந்தப் பிள்ளை அழுதது. அவன் யாரிடமும் கத்துகிறவன் இல்லை. அடுத்த வாரம் ஏணியில் நின்றபடி, எந்தப் பெட்டியை எடுக்க ஏறினோம் என்பதே மறந்து அப்படியே நின்றான். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. "என்னடா, காய்ச்சலா?" என்றேன். "பசிக்குது" என்றான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகவில்லை. அவனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து நான் கேலி செய்தேன். ஆபீசில் யாரோ பிறந்த நாளுக்குக் கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு தின்றான், தெளிந்துவிட்டான். அந்தக் கேக் இல்லாவிட்டால் அன்றைக்கே ஏணியிலிருந்து விழுந்திருப்பான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். விஜயன் சோற்றுப் பாத்திரத்தோடு எங்கள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். கனகராஜ் சிரித்துக்கொண்டே, "பையன் இப்பல்லாம் என்னய நல்லா கவனிக்கிறான்லா" என்றான். மூன்றாவது முறை சோறு விழுந்தபோது, இடது கை விரல்களை மடக்கி எனக்குக் காட்டினான். மூன்று. கறியும் சாம்பாரும் மறுபடி மறுபடி வந்தன. பிறகு இலையைத் தன் பக்கமாக மடித்தான். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசிப் பேனாவை அழுத்தினான். பதினைந்து.

அதோடு நேராகக் கிடங்குக்குத் திரும்பியிருந்தால் வேறு கதை. மோட்டாரின் பின் டயரில் காற்று இறங்கிக் கிடந்தது. பக்கத்துப் பட்டறையில் டியூப் மாற்றக் கொடுத்தோம். பட்டறைக்காரன் வேறு ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தான். நாங்கள் வெயிலில் நின்றோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கனகராஜ் முதலில் பேசினான், பிறகு பேசவில்லை. மேல் உதட்டில் வியர்வை. எனக்கும்தான் வியர்த்தது, அதனால் கவனிக்கவில்லை. பட்டறைக்காரனிடம் பணம் கொடுக்கும்போது ஒரே நோட்டை இரண்டு முறை நீட்டினான்.

"நான் ஓட்டட்டுமா?"

"ஏன், எனக்குக் கையில்லையா?" என்றான். அந்தக் குரல் அவனுடையது இல்லை.

பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் ஏறினோம். அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போய்வரும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பக்கத்தில் போனால் அந்தக் காற்றே மோட்டாரை உள்ளே இழுக்கும். கனகராஜ் எப்போதும் ஓரமாகத்தான் போவான். அன்றைக்கு வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குப் போயிற்று. தோளைத் தட்டினேன். ஓரத்துக்கு வந்தான். மறுபடி போனான். வேகம் கூடும், குறையும், காரணமே இல்லாமல். அவன் முதுகு தண்ணீரில் நனைத்த துணி மாதிரி இருந்தது, அந்த ஈரம் என் சட்டைக்கும் வந்தது.

தெப்ராவுக்குத் திரும்பும் இடம் வந்தது. அவன் திரும்பவில்லை.

"டேய், எங்கடா போற?"

"வீட்டுக்கு" என்றான். பிறகு, "அம்மா கூப்பிடுறாங்க" என்றான்.

அவன் அம்மா செத்து இருபது வருடம் ஆகிறது. அமண்டா சொன்னது அப்போதுதான் சுரீர் என்று உறைத்தது. இறங்குகிறது. இவனுக்கு இறங்குகிறது. பின்னால் லாரியின் ஹார்ன் விடாமல் அலறியது. "ஓரமா நிப்பாட்டுடா! கனகு! நிப்பாட்டு!" என்று அவன் காதுக்குள் கத்தினேன். அவன் கேட்ட மாதிரியே இல்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நான் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் முழு எடையையும் இடப்பக்கம் சாய்த்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. மோட்டார் புல்லுக்குள் பாய்ந்து கவிழ்ந்தது. லாரி எங்களைத் தாண்டிப் போனபோது தரை அதிர்ந்தது, புல்லெல்லாம் ஒரு பக்கமாகப் படுத்தது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. உருண்டு விழுந்ததில் அவனுக்கு வலது காறை எலும்பு முறிந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அவன் அதற்குள் இல்லை. ஆம்புலன்சில் வந்தவர்கள் விரலைக் குத்தி, இரண்டு புள்ளி ஒன்று என்றார்கள். நாலுக்குக் கீழே போனாலே ஆபத்தாம். கையில் ஊசி ஏற்றி இனிப்பு மருந்தை விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணை விழித்து, "டியூப் மாத்தியாச்சா?" என்று கேட்டான். எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது, ஓங்கி அறையவும் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் தனலெட்சுமி ஓடி வந்தாள். யாரோ போனில், இனிப்பால் மயங்கி விழுந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்குத் தெரியும்ணே, சோறுதான் இவர எமனா பிடிச்சிருக்கு. அந்த விஜயன் தம்பிகிட்ட மூணு வாரமா சொல்லி வச்சிருந்தேன். அரைக் கரண்டிதான் போடுறேன்க்கா, சாருக்குத் தெரியாதுன்னு சொன்னான். அப்படியும் ஏறிருச்சே! கால் கரண்டிதான் போடச் சொல்லணும் போல."

நான் கனகராஜைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். மூன்று வாரத்துக் கணக்கும் அவன் முகத்தில் ஓடியது. லோஷினி, ஏணி, நெடுஞ்சாலை. நான் வாயைத் திறந்தேன். அவன் போர்வைக்கு மேல் இருந்த நல்ல கையால் வேண்டாம் என்று காட்டினான்.

"ஆமா தனம்" என்றான். "ஏறிருச்சு. இனிமே அந்தக் கடைக்குப் போகல. போதுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை வருடமாகக் கேட்டது இப்போதுதான் கிடைத்தது அவளுக்கு. அவள் தேநீர் வாங்கப் போனதும் நான் அவன்மேல் பாய்ந்தேன்.

"பைத்தியமாடா உனக்கு? அவகிட்ட உள்ளதைச் சொல்லு!"

"என்னத்தச் சொல்றது? நீதான் என்னக் கொல்லப் பாத்தியேன்னா? அவ அண்ணன் செத்ததுக்கே இன்னும் தான்தான் காரணம்னு நெனைச்சிக்கிட்டிருக்கா. கடைக்குப் போனாத்தானே வம்பு? போகல, முடிஞ்சிச்சு. வீட்டுல என் கப்பு இருக்கு, கணக்கு தப்பாது."

டாக்டரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான், கடையில் சோறு குறைந்து போனதை. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழைய கணக்கே இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு தடவையும் குத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. இருந்தாலும் அவன் வீட்டு விஷயம், அவன் சொல்லட்டும் என்று விட்டேன்.

அவன் வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம் பார்க்கப் போனேன். வலது கை கட்டுப் போட்டுத் தொங்கியது. அந்தக் கையால் கப்பில் சோறு அளக்க முடியாது. "தனமே போட்டுக் குடுத்துடுறா. நம்ம வீட்டுக் கரண்டி ரெண்டு போட்டா என் கப்புக்குச் சரியா இருக்கும், முன்னமே அளந்து வச்சிருக்கேன்" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னான். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். தனலெட்சுமி சோறு எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, அவருகிட்டச் சொல்லிராதீங்க. நேத்து பாசார் மாலாம் இராச்சந்தையில வேற கரண்டி வாங்கிட்டேன். பாக்குறதுக்குப் பழசு மாதிரியே இருக்கும். குழி மட்டும் கம்மி. ரெண்டு போட்டாலும் பழைய கரண்டிக்கு ஒண்ணுதான் வரும்."

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் கிளாஸைத் தொட்டிக்குள் போட்டேன்.

"கனகு! ஊசி போட்டுராதடா!" என்று கத்திக்கொண்டே கூடத்துக்கு ஓடினேன்.

அவன் பேனாவின் மூடியை வாயால் கடித்து மூடிக்கொண்டிருந்தான். "இப்பத்தான் போட்டேன். ஏன்?"

தட்டோடு தனலெட்சுமி என் பின்னால் வந்து நின்றாள். தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். இரண்டு சின்னக் குவியல்கள். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, பானையோட சோத்த எடுத்துட்டு வா. இது பத்தாது."

"என்னண்ணே சொல்றீங்க? இனிப்பு ஏறி விழுந்த மனுசனுக்கு..."

"ஏறல. எறங்குச்சு. ஊசி முழுசாப் போட்டுட்டு அரைச் சோறு தின்னா எறங்கத்தான் செய்யும். அன்னைக்கும் அதான்."

அவள் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். இல்லை என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தாள் போலும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆஸ்பத்திரிலேயே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும், தனம்."

"அப்பவே சொல்லியிருந்தா நான் இந்தக் கரண்டிய வாங்கியிருக்க மாட்டேனே."

அவள் உள்ளே போய்ப் பானையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். எந்தக் கரண்டியையும் தேடவில்லை. வெறும் கையால் சோற்றை அள்ளித் தட்டில் வைத்தாள், மறுபடி அள்ளினாள், சூடு சுடுவதுகூடத் தெரியாமல். "போதுமா? சொல்லுங்க, போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவு போதும் என்று அந்த வீட்டில் அப்போது யாருக்கும் தெரியவில்லை.

"மொதல்ல சாப்பிடுடா" என்று நான்தான் அதட்டினேன். அவன் இடது கையால் சாப்பிட ஆரம்பித்தான்.